ஐநூற்றுப் பன்னிரண்டு என்று போட்ட பெட்டி

மன்னித்துவிடு, அதுதான் பெரிய மனசு என்று எனக்குப் புத்தி சொன்னவர்கள் நிறைய. அவர்களில் ஒருத்தரையும் ஊர் நடுவில் வைத்து யாரும் திருடி என்று சொன்னதில்லை. என்னைச் சொன்னார்கள். சொன்னவர் திருவண்ணாமலையிலேயே பெரிய கம்ப்யூட்டர் கடைக்காரர். அவருக்கு நான் திருப்பிக் கொடுத்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வயிறு குளிர்கிறது. அதை மறைப்பானேன்?

இரண்டாயிரத்துக்குப் பிறகு, ஊரில் சந்துக்கொரு பிரவுசிங் சென்டர் முளைத்த காலம். தேரடித் தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் மாடியில் என் சென்டர். எட்டு மெஷின். காலையில் ஹால் டிக்கெட் எடுப்பவர்கள், ரிசல்ட் பார்ப்பவர்கள், வெளிநாட்டு மகனுக்கு மெயில் அனுப்பச் சொல்லும் அப்பாக்கள். மதியத்துக்கு மேல் இன்ஜினியரிங் காலேஜ் பையன்கள். அவர்கள் வந்தால் எட்டு மெஷினிலும் துப்பாக்கிச் சண்டைதான். நாலு பேர் ஒரு பக்கம், நாலு பேர் எதிர்ப்பக்கம். மணிக்கு இத்தனை என்று காசு. உண்மையில் என்னைக் காப்பாற்றியது மெயில் இல்லை, இந்தச் சண்டைதான்.

நான் அப்போது கணவரை விட்டுப் பிரிந்து வந்து மூன்று வருஷம். கீழ்பென்னாத்தூரில் அண்ணன் வீடு இருக்கிறது. அண்ணன் நல்லவர். அண்ணியும் கெட்டவள் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை போகும்போதும், "எதுக்குத் தனியா கஷ்டப்படற, இங்கியே வந்துடேன், எனக்கும் கூடமாட ஆவும்"னு அண்ணி சொல்வாள். அந்தக் கூடமாட என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். விடிந்ததிலிருந்து அடுப்படி, வேர்க்கடலை சீசனில் களத்து வேலை, வருகிறவர் போகிறவர் முகத்தில் என்னைப் பற்றிய பரிதாபம். சென்டர் ஓடினால் என் வீடு, என் சாவி. சென்டரை மூடினால் அண்ணன் வீடு. எனக்கு அப்போது இருந்தது இந்த இரண்டே வழிதான்.

அந்தத் துப்பாக்கி விளையாட்டின் புதுப் பதிப்பு வந்தது. என் மெஷின்களில் திரையில் படம் வரையும் கிராபிக்ஸ் கார்டு தனியாகக் கிடையாது, மதர்போர்டோடு ஒட்டி வந்ததுதான். புதுப் பதிப்பு அதில் திறக்கவே மறுத்தது. பையன்கள், "அக்கா, கார்டு போடுக்கா, இல்லன்னா நாங்க வேலூர் போய்தான் ஆடணும்"னு நச்சரித்தார்கள். இரண்டு வளையலை அடகு வைத்துவிட்டு அந்தக் கடைக்காரரிடம் போனேன்.

அவருக்கு ஐம்பது வயதிருக்கும். சந்தனப் பொட்டு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. என் எட்டு மெஷினும் அவர் கடையில் வாங்கியவைதான். எங்கள் ஊரில் அப்போது கிராபிக்ஸ் கார்டை யாரும் பெயர் சொல்லிக் கேட்க மாட்டார்கள். மெமரி எத்தனை எம்பி என்றுதான் கேட்பார்கள். நூத்தி இருவத்தெட்டு கார்டு, இருநூத்தி அம்பத்தாறு கார்டு, ஐநூத்திப் பன்னெண்டு கார்டு. அரிசி மூட்டைக்கு எடை மாதிரி. எம்பி ஜாஸ்தியானால் விலை ஜாஸ்தி, விலை ஜாஸ்தியானால் நல்ல கார்டு. வாங்குகிறவரும் அப்படித்தான் கேட்டார், விற்கிறவரும் அப்படித்தான் அடுக்கி வைத்தார். நானும் அதே மூட்டைக் கணக்கில்தான் போனேன்.

அவர் ஒரு பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். பெட்டியில் வாளேந்திய ஒரு பெண், பின்னால் தீப்பிழம்பு, மூலையில் பொன் நிறத்தில் 512.

"மேடம், கண்ணை மூடிட்டு எடுத்துக்கினு போங்க. ஐநூத்திப் பன்னெண்டு. புது சீரிஸ். இன்னும் அஞ்சு வருஷத்துக்கு நீங்க திரும்பிப் பாக்கவே வேணாம்."

கண்ணை மூடிக்கொண்டுதான் எட்டு கார்டு வாங்கினேன்.

முதல் நாளே தெரிந்துவிட்டது. விளையாட்டு திறந்தது. நடந்தால் ஓடியது. நாலு பேர் ஒரே இடத்தில் சுட ஆரம்பித்தால் திணறியது. யாராவது புகைக் குண்டு போட்டால் படம் அப்படியே நின்றுவிடும். நின்ற படம் நகரும்போது பையன் செத்துக் கிடப்பான். "ஐயோ, நான் சுடறதுக்குள்ள செத்துட்டேன்க்கா!" எட்டு மெஷினிலும் இதே ஒப்பாரி. ஒரு வாரம் பொறுத்தார்கள். அப்புறம் எட்டுப் பேர் ஐந்து பேரானார்கள், ஐந்து பேர் இரண்டு பேரானார்கள்.

கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். கரண்ட் வோல்டேஜ் கம்மி என்றார். ஸ்டெபிலைசர் மாற்றினேன். தூசி என்றார். எட்டு மெஷினையும் கழற்றித் துடைத்தேன். மூன்றாவது முறை போனபோது கடையில் கூட்டம். என் சென்டருக்கு வந்துகொண்டிருந்த பையன்களில் மூன்று பேரும் அங்கே நின்றார்கள். நான் வாயைத் திறந்ததும் அவர் குரலை உயர்த்தினார்.

"நான் குடுத்தது ஒரிஜினல் மேடம். ஊரே வாங்கியிருக்கு, உங்களுக்கு மட்டும் ஓடலன்னா என்ன அர்த்தம்? நான் குடுத்த கார்டைக் கழட்டி மெட்ராஸ்ல வித்துட்டு, டூப்ளிகேட்டை மாட்டிக்கினு வந்து எங்கிட்ட சண்டை போட்டா? இந்த வேலையெல்லாம் வேற எடத்துல வச்சுக்குங்க."

அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். என்னவென்று சொல்வேன்? கார்டு சரியில்லை என்று எனக்குத் தெரியும், ஏன் சரியில்லை என்று தெரியாது. தெரியாதவள் வாயை எவனும் அடைக்கலாம். படியிறங்கும்போது பின்னாலிருந்து, "பொம்பளைங்களுக்கு எதுக்குங்க இந்தத் தொழிலு, அப்பளம் போட்டு வித்தாலாவது மரியாதையா இருக்கலாம்"னு அவர் யாரிடமோ சொன்னது கேட்டது.

மூன்றே நாளில் அந்தப் பேச்சு காலேஜ் ஹாஸ்டல் வரைக்கும் போய்விட்டது. அந்த அக்கா சென்டரில் டூப்ளிகேட் கார்டு, காசைத் தின்னுட்டாங்க. கடைசியாக வந்துகொண்டிருந்த இரண்டு பையன்களும் நின்றார்கள். மாடியின் சொந்தக்காரரான வீட்டுக்காரர் வாடகை வாங்க வந்தபோது எட்டு மெஷினும் சும்மா இருப்பதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, தீபத்துக்கு அப்புறம் இடத்தை வேறு யாருக்காவது விடலாமா என்று கேட்டார். கார்த்திகை தீபத்துக்கு அப்போது நாலு மாதம்கூட இல்லை.

அன்றைக்கு முடிவு செய்தேன். சென்டரை மூடினாலும் மூடுவேன், அந்த ஆளை மூக்குடைக்காமல் மூட மாட்டேன்.

என்னிடம் இருந்தது எட்டு சும்மா கிடக்கும் மெஷின், ஒரு இன்டர்நெட் லைன், பத்து மணிக்குமேல் ஆள் வராத பகல்கள். நான் பி.காம். இங்கிலீஷ் தட்டுத் தடுமாறிப் படிப்பேன். அந்தக் கார்டின் பெயரை எழுத்து விடாமல் அடித்துத் தேடினேன். கார்டுகளை வாங்கிச் சோதித்துக் கட்டுரை எழுதுவதையே வேலையாக வைத்திருக்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பதே அன்றைக்குத்தான் தெரியும். பக்கம் பக்கமாகப் பட்டைப் பட்டையாக வரைபடங்கள். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு பட்டை. பட்டையின் நுனியில் ஒரு எண். அந்த எண், ஒரு விநாடிக்கு அந்தக் கார்டு எத்தனை படம் வரைகிறது என்பது. முப்பதுக்குக் கீழே போனால் கண்ணுக்குத் திக்கும். பத்துக்குக் கீழே போனால் என் பையன்கள் செத்துப்போவார்கள்.

முதலில் எல்லாவற்றையும் தப்பாகத்தான் படித்தேன். கார்டு செய்யும் கம்பெனியே போட்ட ஒரு வரைபடத்தில் ஒரு பட்டை இன்னொன்றைவிட மூன்று மடங்கு நீளம். அடேயப்பா என்று வாயைப் பிளந்தேன். பிறகு எண்ணைப் பார்த்தால் ஒன்று நாற்பத்து நாலு, மற்றது ஐம்பத்திரண்டு. எட்டுதானே வித்தியாசம், மூன்று மடங்கு எங்கிருந்து வந்தது? அடியில் உற்றுப் பார்த்தேன். பட்டைகள் பூஜ்யத்தில் ஆரம்பிக்கவில்லை, நாற்பதில் ஆரம்பித்தன. நாற்பதை மறைத்துவிட்டு மிச்சத்தை மட்டும் நீட்டிக் காட்டியிருக்கிறான் புண்ணியவான். அதிலிருந்து பட்டையைப் பார்ப்பதை விட்டேன். எண்ணை மட்டும் நோட்டில் எழுதினேன். விற்கிறவன் போட்ட படத்தைத் தள்ளிவிட்டு, சம்பந்தமில்லாத மூன்று பேர் தனித்தனியாகச் சோதித்ததை எடுத்தேன். மூன்று பேரும் எந்த வரிசையை ஒத்துக்கொள்கிறார்களோ அதை நம்பினேன்.

இரண்டாவது தப்பு இதைவிட விலை உயர்ந்தது. பட்டியலில் உச்சியில் இருந்த கார்டுக்கு ஆசைப்பட்டேன். பதினாறாயிரம் ரூபாய். ஒரே ஒரு மெஷினுக்காவது போட்டு அந்த ஆள் முன்னால் காட்டலாமா என்று கோபத்தில் கணக்குப் போட்டேன். நல்ல வேளை, கட்டுரையின் தலையில் எந்தக் கம்ப்யூட்டரில் சோதித்தார்கள் என்று எழுதியிருந்ததைப் படித்தேன். அவர்களுடைய ப்ராசஸர் விலைக்கு என் இரண்டு மெஷினை வாங்கலாம். அவர்கள் திரையில் வைத்த அளவில் பாதிகூட என் பதினேழு அங்குல மானிட்டரில் வராது. என்னுடைய அளவு ஆயிரத்து இருபத்து நாலுக்கு எழுநூற்று அறுபத்தெட்டு புள்ளி. என்னுடையதைப் போன்ற சுமாரான ப்ராசஸரில் சோதித்த கட்டுரை ஒன்று தேடினேன், நாலு நாள் ஆயிற்று. அதில் அந்தப் பதினாறாயிரம் ரூபாய் கார்டு எழுபதோடு நின்றுவிட்டது. ப்ராசஸர் கணக்குப் போட்டுக் கொடுத்தால்தானே கார்டு வரையும்? அதற்குமேல் எவ்வளவு காசு கொட்டினாலும் என் மெஷினில் ஏறாது.

அப்புறம் நோட்டில் எனக்கென்று ஒரு கணக்கு வைத்தேன். என் திரை அளவு, என் பையன்கள் ஆடும் விளையாட்டு, என்னைப் போன்ற மெஷின். அதில் வரும் சராசரி எண்ணால் விலையை வகுக்க வேண்டும். ஒரு படத்துக்கு எத்தனை ரூபாய் என்று வரும். சராசரிக்குப் பக்கத்தில், மிக மோசமான நொடியில் எத்தனைக்கு இறங்கியது என்பதையும் எழுத வேண்டும், ஏனென்றால் புகைக் குண்டு விழும் நொடியில்தானே சாவு.

என் வாளேந்திய பெண் கார்டு பட்டியலின் அடியில் கிடந்தாள். சராசரி பதினெட்டு. விலை மூவாயிரத்துத் தொள்ளாயிரம். ஒரு படத்துக்கு இருநூறு ரூபாய்க்குமேல். அந்தக் கட்டுரையில் அவள் குட்டையும் உடைத்திருந்தார்கள். கார்டில் உண்மையில் இருக்கும் மெமரி நூற்றி இருபத்தெட்டுதான். மிச்சத்தைக் கம்ப்யூட்டரின் சொந்த மெமரியிலிருந்து கடன் வாங்கும். என் மெஷின்களில் மொத்த மெமரியே ஐநூற்றுப் பன்னிரண்டு. என் பாத்திரத்திலிருந்தே மொண்டு எனக்கே ஊற்றுகிறாள். அதுவும் போக, கார்டுக்கும் அதன் மெமரிக்கும் நடுவில் உள்ள பாதை அறுபத்து நாலு பிட். நல்ல கார்டில் நூற்றி இருபத்தெட்டு. குறுகின குழாயில் தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்து என்ன? ஓடிப்போய்ப் பெட்டியை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பொன் நிற 512க்கு மேலே, எறும்பு மாதிரி, "வரை" என்று பொருள்படும் இரண்டு குட்டி இங்கிலீஷ் வார்த்தைகள். பாதையின் அகலத்தைப் பற்றிப் பெட்டியின் ஆறு பக்கத்திலும் ஒரு எழுத்து இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பெட்டியைக் கிழித்தே போட்டேன்.

அதே பட்டியலில் நடுவில் ஒரு பழைய கார்டு இருந்தது. முந்தின சீரிஸ், நூற்றி இருபத்தெட்டு எம்பி. பாதை அகலம், மெமரியின் வேகமும் ஜாஸ்தி. என் அளவுத் திரையில் சராசரி ஐம்பது. மூன்று கட்டுரையிலும் அதே வரிசை. அந்தப் பெயரைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்தப் பெட்டியை நான் பார்த்திருக்கிறேன். கடைக்காரரின் கடையில், கீழ்த் தட்டில், தூசி படிந்து பத்துப் பன்னிரண்டு அடுக்கியிருந்தன. எம்பி கம்மி என்று ஊரில் ஒருத்தனும் அதைத் தொடவில்லை.

சிரித்தேன். தனியாக, எட்டு மெஷினுக்கு நடுவில், பைத்தியம் மாதிரி சிரித்தேன்.

எங்கள் ஊர்க் கடைகளில் ஆயுத பூஜைக்கு முந்தின நாலைந்து நாள் எல்லாவற்றையும் கீழே இறக்கிக் கழுவுவார்கள். விற்காத பழைய சரக்கு கடையில் இருக்கும்போது பூஜை போட மனசு வராது, வந்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அதற்காகக் காத்திருந்தேன். மூன்று வாரம். அந்த மூன்று வாரம் போலப் பொறுமையாக நான் வாழ்க்கையில் இருந்ததில்லை. இரண்டு கார்டையும் மாட்டும் இடம் ஒன்றுதானா, என் மெஷினின் பவர் சப்ளை தாங்குமா, தனியாக ஒயர் கேட்குமா, எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன்.

போனபோது வாசலில் அட்டைப் பெட்டிகள் குவிந்திருந்தன. அவர் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார்.

"மறுபடியும் இன்னா மேடம்?"

"சண்டைக்கு வரல சார். இந்த நூத்தி இருவத்தெட்டு கார்டு என்ன விலைக்குத் தர்றீங்க?"

"இதா?" பக்கத்தில் நின்ற இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தார். "ஐநூத்திப் பன்னெண்டே ஓடலன்னு வந்தீங்க. இப்ப நூத்தி இருவத்தெட்டா? வாங்கிக்கினு போய் ஆயுத பூஜைக்கு மாலை போடப் போறீங்களா?"

"ஆமா சார், கொலுவில வைக்கலாம்னுதான்."

"எடுத்துக்கினு போங்க. மூவாயிரம். எடம் அடைச்சிக்கினு கெடக்குது."

எட்டு எடுத்தேன். ஏலச் சீட்டு எடுத்த பணம் அத்தனையும் அங்கே போயிற்று. பில்லில் கார்டின் பெயரையும் எட்டு சீரியல் நம்பரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்தித் தரச் சொன்னேன். "டூப்ளிகேட்னு அப்புறம் யாரும் சொல்லக்கூடாதில்ல சார்" என்றேன். அவருக்கு அது உறைத்த மாதிரி தெரியவில்லை. சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார்.

ஒரு மெஷினில் மாட்டி நானே சோதித்தேன். அந்த விளையாட்டில் ஒரு ஆட்டத்தைப் பதிவு செய்து, அதையே திரும்ப ஓட்டி, எத்தனை படம் வந்தது என்று எண்ணச் சொல்லலாம். ஒரே ஆட்டம் என்பதால் கார்டுக்குக் கார்டு வஞ்சனை கிடையாது. புகைக் குண்டு அதிகம் விழும் ஆட்டமாக ஒன்று பதிவு செய்தேன். மூன்று முறை ஓட்டி நடு எண்ணை எடுத்தேன். நாற்பத்தெட்டு. புகையில் முப்பது. கட்டுரைக்காரர்கள் சொன்னதைவிட இரண்டு கம்மி, போகட்டும். படியில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு பேப்பர் எடுத்தேன்.

சென்டர் வாசலில் இரண்டு தாள் ஒட்டினேன். ஒன்று என் நோட்டுக் கணக்கு, பெரிய எழுத்தில்: எந்தக் கார்டு, எவ்வளவு விலை, எத்தனை படம், ஒரு படத்துக்கு எத்தனை ரூபாய். இன்னொன்று சவால். இந்தச் சென்டர் கார்டை எந்த ஐநூற்றுப் பன்னிரண்டு கார்டாவது ஜெயித்தால் கொண்டுவந்தவருக்கு ஒரு மாதம் ஆட்டம் இலவசம்.

பையன்களுக்கு இலவசம் என்ற வார்த்தை போதாதா? இரண்டே நாளில் ஒருத்தன் தன் வீட்டு மெஷினிலிருந்து கார்டைக் கழற்றித் துண்டில் சுற்றி எடுத்துவந்தான். கடைக்காரரிடம் வாங்கிய அதே வாளேந்திய பெண். தோற்றான். அடுத்தவன் வந்தான், தோற்றான். மூன்றாவது ஆள் தோற்றதும் நேராகக் கடைக்குப் போய்க் காசைத் திருப்பிக் கேட்டானாம். அதற்கு அடுத்த நாள் ஒரு அப்பா போய்க் கேட்டாராம். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கடைக்காரரே மாடி ஏறி வந்தார், கையில் சீல் உடைக்காத புதுப் பெட்டியோடு. சந்தே பின்னால் வந்தது. முப்பது பேராவது இருக்கும், படியெல்லாம் ஆள்.

"உங்க மெஷின்ல என்னமோ தில்லாலங்கடி பண்ணி வச்சிருக்கீங்க. என் கண்ணு முன்னாடி ஓட்டுங்க. நான் சொல்ற மாதிரி ஓட்டணும்."

"சொல்லுங்க சார்."

"எல்லாத்தையும் கம்மி பண்ணுங்க. படத்தோட அளவு, வெளிச்சம், புகை எல்லாத்தையும் கடைசிக்கு இறக்குங்க. அப்பதான் ரெண்டுக்கும் சமமா இருக்கும்."

செய்தேன். அவர் கார்டு எழுபத்து நாலு. என் கார்டு எழுபத்தாறு. கூட்டம் முணுமுணுத்தது. அவர் திரும்பி நின்று கையை விரித்தார். "பாத்தீங்களா? ரெண்டும் ஒண்ணுதான். இதுக்குத்தான் ஊரைக் கூட்டினாங்களா?"

ஒரு நொடி நானே குழம்பினேன். அடுத்த நொடி சிரிப்பு வந்தது. பதினாறாயிரம் ரூபாய் கார்டு எழுபதில் நின்ற கதைதான் இதுவும்.

"சார், எல்லாத்தையும் இறக்கிட்டா கார்டுக்கு வேலையே இல்ல. இப்ப நீங்க பாத்தது என் ப்ராசஸரோட வேகம். அது ரெண்டு தடவையும் ஒண்ணுதானே, அதான் எண்ணும் ஒண்ணா வருது. காலி வண்டியை ஓட்டிப் பாத்துட்டு ரெண்டு மாடும் சமம்னு சொன்னா எப்படி? மூட்டையை ஏத்துவோம். பையங்க இங்க ஆடற அளவுக்கு வப்போம். தம்பி, நீயே வை. நான் தொடல."

ஒரு பையன் வந்து வைத்தான். கடைக்காரர் தன் கையாலேயே தன் கார்டை மாட்டினார். ஓட்டினோம். முதல் புகைக் குண்டு விழுந்தது. படம் நின்றது. முப்பது பேரும் நின்ற படத்தைப் பார்த்தார்கள். சராசரி பதினேழு, புகையில் ஐந்து. மூன்று முறை ஓட்டியும் அதேதான். பிறகு என் கார்டு. புகைக்குள்ளே ஆள் ஓடுவது தெரிந்தது. நாற்பத்தெட்டு, புகையில் முப்பது. எவனோ விசிலடித்தான். நான் அந்தப் பில்லை எடுத்து, கடை முத்திரை தெரிகிற மாதிரி, அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"இதுவும் நீங்க வித்த கார்டுதான் சார். கொலுவுக்கு."

படிக்கட்டு வரைக்கும் சிரிப்பு போயிற்று. அவர் பெட்டியைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனார்.

பையன்கள் அன்றைக்கே திரும்பிவிட்டார்கள். தீபத்துக்குள் எட்டு மெஷினும் காலியில்லாமல் ஓடின. வீட்டுக்காரர் வாடகையை வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் போனார். இத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கார்டு வாங்கப் போகிற யார் வந்து கேட்டாலும் உட்கார வைத்து அவர்கள் திரை, மெஷின், கையிருப்பு எல்லாம் கேட்டு, வரைபடம் பார்த்து, ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பேன். காசு வாங்க மாட்டேன். சீட்டின் அடியில், எங்கே வாங்கக் கூடாது என்பதையும் எழுதுவேன். வேங்கிக்கால் பக்கத்து ஆபீஸ் குமாஸ்தாக்கள்கூட மகனுக்காகச் சீட்டு வாங்க வந்தார்கள். மெட்ராஸ் பஸ் ஏறிப் போய் அந்தச் சீட்டைக் காட்டி வாங்கிவந்தார்கள். ஒவ்வொரு சீட்டு எழுதும்போதும் பாயசம் குடித்த மாதிரி இருக்கும்.

நாலு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை, சென்டர் நிறைந்திருந்த நேரம், அவர் வந்தார். வெள்ளைச் சட்டை கசங்கியிருந்தது. பையன்கள் ஹெட்போனோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் மெதுவாகப் பேசினார்.

"மேடம், அந்த ஐநூத்திப் பன்னெண்டு கார்டு எட்டையும் நான் திருப்பி எடுத்துக்கறேன். முழுப் பணமும் தர்றேன். அந்தச் சீட்டு எழுதறத மட்டும் நிறுத்திடுங்க. கடைக்கு ஆளே வர்றதில்ல."

நான் நோட்டில் கணக்கு எழுதிக்கொண்டே இருந்தேன்.

"சத்தியமா எனக்குத் தெரியாது மேடம். மெட்ராஸ்ல டீலர் நாப்பது பெட்டி தலையில கட்டிட்டான். ஐநூத்திப் பன்னெண்டுன்னா பெருசுதானேன்னு நானும் நம்பிட்டேன். என் பையன் மெஷின்லயே அதான் மாட்டி வச்சிருக்கேன். அவனும் ஓடலன்னு சொல்லிக்கினேதான் இருந்தான், ஒழுங்கா ஆடத் தெரியலன்னு அவனைத் திட்டினேன்."

பொய் இல்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. என்னை ஏமாற்றிய அதே பெட்டிதான் அவரையும் ஏமாற்றியிருக்கிறது. ஒரு கணம் எனக்கு அவர்மேல் பரிதாபம்கூட வந்தது. வந்ததை வந்த வழியே அனுப்பினேன்.

"கார்டு மட்டம்னு உங்களுக்குத் தெரியாது. சரி, ஒத்துக்கறேன். நான் கார்டைக் கழட்டி வித்துட்டேன்னு சொன்னீங்களே, அது?"

அவர் தலை குனிந்தார்.

"அது தெரிஞ்சு சொன்னதுதானே சார்? என் கார்டை நீங்க தொட்டுக்கூடப் பாக்கல. பாக்காமலே சொன்னீங்க."

"கோவத்துல..."

"பணம் வேணாம். சீட்டை நிறுத்தறேன். அன்னிக்கு எவ்ளோ சத்தமா சொன்னீங்களோ, அதே சத்தத்துல இங்க சொல்லுங்க."

அவர் சுற்றிப் பார்த்தார். எட்டுப் பையன்கள், பின்னால் முறைக்குக் காத்திருக்கும் நாலு பேர். தொண்டையைச் செருமினார்.

"கார்டை அவங்க மாத்தல. நான் குடுத்த கார்டேதான் இருந்தது. நான் சொன்னது பொய்."

நின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கர்ச்சீப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "போதுமா மேடம்?" என்றார்.

நான் எழுந்து போய், மெஷின் மெஷினாக, எட்டுப் பையன்களின் ஹெட்போனையும் என் கையாலேயே கழற்றினேன். ஆட்டம் பாதியில் நின்றதற்கு ஒருத்தனும் முணுமுணுக்கவில்லை. திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இவங்களுக்குக் கேக்கல சார். முதல்லேர்ந்து சொல்லுங்க."

சொன்னார்.